ரேட்டிங் ஃப்ரீஸ் ஆகும் முன் அந்த ரிவ்யூ கமென்ட்டுகளைப் படியுங்கள்

அப்ரைசல் கூட்டத்தில் உட்காரும் மேனேஜர்களுக்கும் ஹெச்ஆர் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில் என் டீமில் தென்காசியிலிருந்து வேலை செய்பவருடைய பெயர் வந்தபோது, "வேலை நல்லாத்தான் இருக்கு, ஆனா விசிபிலிட்டி கம்மி" என்று சொல்லி ஐந்துக்கு மூன்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே டீமில் சென்னை அலுவலகத்தில் இருப்பவருக்கு நான்கு கிடைத்தது, நடுராத்திரி ப்ரொடக்‌ஷன் பிரச்சினைகளில் ஓடி வந்து நின்றார் என்பதற்காக. அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டிக்கெட்டுகளை அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன், பாதிக்கு மேல் அவருடைய சொந்த ரிலீஸிலிருந்தே கிளம்பியவை. தென்காசிக்காரர் பார்த்துக்கொள்ளும் ரீஃபண்ட் பகுதியில் அந்த வருடம் முழுக்கப் பெரிய பிரச்சினை எதுவும் பதிவாகவில்லை. பிரச்சினை வராவிட்டால் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லாவிட்டால் கூட்டத்தில் சொல்ல ஒரு கதையும் இல்லை. நமக்கு நினைவில் நிற்பது தீயை அணைத்தவர் மட்டும்தான்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். வேறொருவர் எழுதிய கோட் ஒன்றை ரிவ்யூ செய்யும்போது தென்காசிக்காரர் இப்படி எழுதியிருக்கிறார்: "பேங்க் பக்கம் டைம்அவுட் ஆனால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. இந்த ரீட்ரை அப்படியே திரும்ப அனுப்பினால் சிலருக்கு ரீஃபண்ட் இரண்டு முறை போகும். முதலில் ஸ்டேட்டஸ் கேளுங்கள், அப்புறம் அதே ரெஃபரன்ஸ் எண்ணோடு அனுப்புங்கள்." எழுதியவர் திருத்திக்கொண்டார், ரிலீஸ் போனது, பாராட்டு மெயில் அவர் பெயரில் வந்தது. ரிவ்யூ செய்தவர் பெயர் அந்த மெயிலில் இல்லை. கோட் சரித்திரத்திலும் அந்த மாற்றம் எழுதியவர் பெயரில்தான் நிற்கும், ரிவ்யூ பக்கத்தைத் திறந்தால்தான் இவர் தெரிவார். கிட்ஹப்பில் அதைத் தேட இந்த ஒரு வரி போதும், பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
is:pr reviewed-by:USERNAME -author:USERNAME merged:2024-04-01..2025-03-31
```

வருகிற பட்டியலை எண்ணாதீர்கள், படியுங்கள். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தால் ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்த ஒற்றை வரித் திருத்தமும், ஐந்து நிமிடத்தில் மாற்றிய பட்டன் நிறமும் ஒன்றாகிவிடும். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பரவலாக ஐந்தாறு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன மாறியது, அது இல்லாவிட்டால் யார் மாட்டியிருப்பார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசி இரண்டு மாதத்தை மட்டும் பார்த்தால் நினைவில் பசுமையாக இருப்பவர்தான் மறுபடியும் ஜெயிப்பார். அப்புறம் டெஸ்டிங்கிலும் சப்போர்ட்டிலும் இருப்பவர்களிடம் கேளுங்கள், மாட்டிக்கொண்டால் யாருக்கு மெசேஜ் போடுகிறீர்கள் என்று. அலுவலகத்தில் இருப்பவருக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். டீம்ஸில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் மவுஸைத் தொடாமல் ஒரு டிசைனை யோசித்தாலே அது மஞ்சளாகிவிடும்.

இது நம் டீமில் மட்டும் நடப்பதும் இல்லை. சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் 2010 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம், கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தார்கள். நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. வேலைத் திறன் 13 சதவீதம் கூடியது, ஆனால் அதே அளவு வேலை செய்த அலுவலகக்காரர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கால் சென்டரில் ஒவ்வொரு அழைப்பும் கணக்கில் ஏறும், அங்கேயே இப்படி என்றால் நம் வேலையில் கேட்கவே வேண்டாம்.

விசிபிலிட்டி என்பதே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் அது நிஜமான குறை, மதிப்பெண்ணைக் குறைக்கலாம். ஆனால் அதை எழுதும்போது எந்தத் தேதி, எந்த விஷயம், யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதுங்கள். அப்படி எழுத ஒன்றுமே இல்லை, ஸ்டாண்ட்அப்பில் இரண்டு வாக்கியம்தான் பேசுகிறார், கேமரா போடுவதில்லை என்பது மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அவரோடு வைத்திருந்த தனிச் சந்திப்புகளை மாதக்கணக்கில் ரத்து செய்தது மேனேஜர் என்றால் அதையும் அந்த ஃபார்மில் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் பார்க்காமல் விட்டது அவர் பக்கத்துக் குறை இல்லை.

ரேட்டிங் இன்னும் ஃப்ரீஸ் ஆகவில்லை. அந்த மூன்றை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்கிறேன், படித்தவற்றின் குறிப்புகளோடு நான் கூட்டத்துக்கு வருகிறேன், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.