நீண்டகால வருமான வரைபடங்களை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

செய்தி நிறுவனங்களின் தரவுப் பிரிவினருக்கு, வணக்கம்.

'பணவீக்கம் நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு நீங்கள் வெளியிடும் வருமான வரைபடங்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாறும் இடத்தில், பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைக்காமலே கணக்குப் போட்டுவிடுகிறீர்கள்.

கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். பழைய தொடரில் 2000இன் குறியீட்டெண் 100, 2012இல் 200. அந்த 2012ஐயே 100 என வைத்துப் புதிய தொடர் தொடங்குகிறது. 2024இல் அது 180. ஒரு தொழிலாளியின் மாத வருமானம் இதே மூன்று ஆண்டுகளில் 10,000, 24,000, 36,000. பெயரளவில் 3.6 மடங்கு உயர்வு.

இரண்டு தொடரிலும் மதிப்பு இருக்கும் ஆண்டு 2012. பழையதைப் புதியதால் வகுத்தால் இணைப்புக் காரணி 2. புதிய தொடரின் எண்களை எல்லாம் இதனால் பெருக்க வேண்டும். 2024இன் குறியீட்டெண் 360 ஆகிறது. பிறகு:

```
உண்மை மதிப்பு = பெயரளவு மதிப்பு × 360 ÷ அந்த ஆண்டின் குறியீட்டெண்
```

2024 விலையில் 2000இன் வருமானம் 36,000, 2012இன் வருமானம் 43,200, 2024இல் 36,000. அதாவது முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் 20 சதவீதம் ஏறிய வாங்கும் சக்தி, அடுத்த பன்னிரண்டில் தொடங்கிய இடத்துக்கே இறங்கிவிட்டது. காரணியை மறந்தால் 2000இன் வருமானம் 18,000 என்று வரும். வருமானம் இரட்டிப்பானதாக வரைபடம் சொல்லும். தேங்கி நின்ற வாழ்க்கையை வளர்ச்சி என்று காட்டுவது சிறிய பிழை அல்ல.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. தொடர் மாறும் ஆண்டில் மட்டும் உண்மை வருமானம் செங்குத்தாக எகிறினால், முதலில் இணைப்பைச் சந்தேகியுங்கள். பெயரளவுக் கோடும் உண்மைக் கோடும் விலைக்கு எடுத்துக்கொண்ட ஆண்டில், இங்கே 2024இல், ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை. ஆனால் மேலே சொன்ன பிழை இதில் சிக்காது, ஏனென்றால் தவறான கணக்கிலும் 2024இன் மதிப்பு 36,000தான்.

ஆண்டுப் பணவீக்க விகிதங்களைக் கூட்டிக் கழிப்பதையும் பார்க்கிறோம். ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் இருபது ஆண்டில் விலை இரண்டு மடங்கல்ல, சுமார் 2.65 மடங்கு. விகிதங்களை விட்டுவிட்டுக் குறியீட்டெண்ணையே பயன்படுத்துங்கள்; ஆண்டு வருமானத்துக்கு ஆண்டுச் சராசரிக் குறியீட்டெண்ணை எடுங்கள்.

சரியாக இணைத்தாலும் ஒரு வரம்பு உண்டு. இரு தொடர்களின் நுகர்வுக் கூடைகள், அதாவது விலையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பொருள்களும் சேவைகளும், வேறு வேறு. அதனால் பல முறை இணைத்த நீண்ட தொடரில், தொலைவிலுள்ள ஆண்டுகளுக்கிடையே ஓரிரு சதவீத வேறுபாட்டை வைத்துத் தலைப்புச் செய்தி எழுத வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இதுதான்: எந்த ஆண்டின் விலை, எந்தக் குறியீட்டெண், எந்த ஆண்டில் எந்தக் காரணியால் இணைத்தீர்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் அச்சிடுங்கள். பெயரளவு எண்களின் அட்டவணையையும் உடன் கொடுங்கள்.

இப்படிக்கு,
விலைப் புள்ளிவிவரத்தில் பணியாற்றுவோர்