14 நாள் கெடு, 18 நாள் பணம்

எங்கள் பார்சல்களைக் கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீட்டில் இருந்தபடியே சேலை விற்கிறேன். ஃபேஸ்புக் நேரலையில் காட்டுவேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். பேநவ் இருக்கும் ஊரில் இன்னும் எதற்கு ரொக்கம் என்று கேட்பீர்கள். என்னிடம் முதல்முறை வாங்கும் அக்காமார்கள் பலர் சேலையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் காசு தரமாட்டார்கள். இணையத்தில் ஏமாந்த கதை ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதனால் என் விற்பனையில் பாதிக்கு மேல் சிஓடிதான். அந்தக் காசு என் கைக்கு வரும் முன் உங்கள் கைக்கு வருகிறது.

நமக்குள் பேச்சு என்ன? திங்கள் முதல் ஞாயிறு வரை சேர்த்த பார்சல்களின் பணம் அடுத்து வரும் வியாழக்கிழமை என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வசூலில் 2 விழுக்காடு உங்கள் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை.

2025 அக்டோபர் 6 முதல் 12 வரையிலான வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். தீபாவளி 20ஆம் தேதி. அந்த வாரம் உங்கள் டிராக்கிங்கில் ‘சேர்க்கப்பட்டது’ என்று இருந்த என் சிஓடி பார்சல்கள் 48. மொத்தம் 2,976 வெள்ளி. பணம் 16ஆம் தேதி வந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய கடைசி வியாழன் அதுதான். தேக்காவில் எனக்குச் சரக்குத் தரும் அண்ணன் கடன் தரமாட்டார். அன்று பணம் வராததால் கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஸ்டாக் இல்லை’ என்றேன். பணம் வந்தது 24ஆம் தேதி. விவரத்தாள் 27ஆம் தேதி வந்தது, அதுவும் பிடிஎஃப்பாக.

தாமதத்துக்குப் பொது விடுமுறை என்று காரணம் சொன்னீர்கள். 16ஆம் தேதி கொடுக்க வேண்டியதற்கு 20ஆம் தேதி விடுமுறை எப்படிக் காரணமாகும்? அப்புறம், ஃபாஸ்ட் முறையில் விடுமுறை நாளிலும் பணம் சில நொடிகளில் போய்விடும். விடுமுறை நாளில் நகராத ஜைரோவில் தொகுப்பாக அனுப்புவது உங்கள் வசதிக்காக. அப்படியென்றால் ஒரு நாள் முன்கூட்டியே அனுப்பலாமே.

சரி, தாமதத்தை விடுங்கள். வந்தது 2,539 வெள்ளி 33 காசு. ஒரே தொகை, எந்தப் பார்சலுக்கு எவ்வளவு என்று வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை. விவரத்தாளின் கடைசிப் பக்கத்தில் சிஓடி கட்டணமும் வரியும் 57.14 என்றும், திரும்பி வந்த 5 பார்சல்களுக்கான கூலியும் வரியும் 24.53 என்றும் கழித்திருந்தீர்கள். இரண்டையும் திருப்பிக் கூட்டினால் நீங்கள் வசூலானதாக ஏற்றுக்கொண்ட தொகை 2,621 வெள்ளி. என் கணக்குக்கும் அதற்கும் 355 வெள்ளி இடிக்கிறது.

அந்த 355ஐத் தேட எனக்கு இரண்டு இரவு ஆனது. பிடிஎஃப்பில் இருந்து எண்களை எக்செலுக்கு ஒட்டியதும் உங்கள் நீளமான டிராக்கிங் எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிட்டன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு மறுபடி ஒட்டிய பிறகுதான் ஒன்றோடு ஒன்றைப் பொருத்த முடிந்தது. இதே வேலையைச் செய்யும் மற்ற விற்பனையாளர்களுக்காகச் சொல்கிறேன்: என் ஆர்டர் தாளில் டிராக்கிங் எண் A பத்தியில், Payout என்று பெயரிட்ட கூரியர் தாளில் எண் A, தொகை C பத்தியில் இருந்தால் இந்த ஒரு வரி போதும்.

```
=XLOOKUP(A2,Payout!A:A,Payout!C:C,"இல்லை")
```

நான்கு பார்சல்களுக்கு ‘இல்லை’ என்று வந்தது. நான்கும் 12ஆம் தேதி ஞாயிறு இரவு சேர்ந்தவை, மொத்தம் 236 வெள்ளி. டெலிவரி தம்பி ரொக்கத்தை டிப்போவில் கட்டியது திங்கள் காலை. அதனால் உங்கள் கணினி அவற்றை அடுத்த வாரத்தில் சேர்த்துவிட்டது. பார்சல் சேர்ந்த தேதியை வைத்து வாரம் பிரிப்பதாக எனக்குச் சொல்லிவிட்டு, காசு டிப்போவுக்கு வந்த தேதியை வைத்துப் பிரிக்கிறீர்கள். அப்படிப் பிரிப்பது தப்பே இல்லை. எண்ணிப் பார்க்காத காசை எப்படி அனுப்புவீர்கள்? ஆனால் அந்த இரண்டாவது தேதி விவரத்தாளில் இல்லவே இல்லை. அது ஒரு பத்தியாக இருந்திருந்தால் என் முதல் இரவு மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்றில் வசூல் ‘0’. 92 வெள்ளி சேலை. வாங்கிய அக்கா உங்கள் நிறுவனத்தின் கியூஆரை ஸ்கேன் செய்து பேநவ் வழியாகக் கட்டியிருக்கிறார், கட்டிய படத்தையும் எனக்கு அனுப்பினார். தம்பி காட்டியது எல்லாருக்கும் பொதுவான கியூஆர், அதில் டிராக்கிங் எண் ஒட்டவில்லை. ஆகவே பணம் உங்கள் வங்கியில், யாருடையது என்று தெரியாத வரவுகளோடு கிடக்கிறது.

மீதி 27 வெள்ளி. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுவோம். 85 வெள்ளி பார்சல் ஒன்று உங்கள் தாளில் 58 என்று இருந்தது, 8ஆம் தேதி சேர்ந்தது. லேபிளில் 85 என்று அச்சாகியிருந்தும் தம்பி கருவியில் கையால் தட்ட வேண்டியிருக்கிறது. லேபிள் தொகையோடு ஒத்துப்போகாத எண்ணை அந்தக் கருவி ஏற்கவே கூடாது. அந்தத் தம்பி முழுக் காசையும் கட்டியிருந்தால், அன்று உங்கள் டிப்போவில் 27 வெள்ளி அதிகமாக வந்திருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.

இந்த 27ஐயும் 92ஐயும் கேட்டு 28ஆம் தேதி இரவு எழுதினேன். ‘பார்சல் சேர்ந்த நாளில் இருந்து 14 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், கெடு முடிந்துவிட்டது’ என்று ஒரே வரியில் பதில். 8ஆம் தேதி பார்சலுக்குக் கெடு 22ஆம் தேதி. நீங்கள் பணம் அனுப்பியது 24, விவரம் அனுப்பியது 27. அந்த வாரத்தின் முதல் நாள் சேர்ந்த பார்சலுக்கான பணம் 18ஆம் நாள்தான் வந்தது. குறைகிறது என்று எனக்குத் தெரியும் முன்பே கேட்கும் உரிமை போய்விட்டது. வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு குறைவாகக் கணக்குக் கேட்கப்படும் நிலை உங்களுக்கு வசதியாக இருக்கிறது.

ஆகவே கெடுவை விவரத்தாள் அனுப்பிய நாளில் இருந்து எண்ணுங்கள். தாளை சிஎஸ்வி கோப்பாக, பணம் அனுப்பும் அன்றே கொடுங்கள். பார்சலுக்கு ஒரு வரி, அதில் சேர்ந்த தேதியும் டிப்போவில் கட்டிய தேதியும் இருக்கட்டும். திரும்பி வந்த பார்சல்களின் கூலியை வசூல் பணத்தில் கழிக்காமல் தனி பில்லாக அனுப்புங்கள், நான் கட்டிவிடுகிறேன்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைத் தொடுக்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, இரண்டாண்டு அவகாசமும் உண்டு என்று எனக்குத் தெரியும். 119 வெள்ளிக்காக ஒருநாள் கடையை மூட மனமில்லை. இரண்டு டிராக்கிங் எண்களையும் பேநவ் படத்தையும் மறுபடி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். 8ஆம் தேதி டிப்போ கணக்கையும், அடையாளம் தெரியாத பேநவ் வரவுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸில் இருந்து ஒரு சேலை விற்பனையாளர்