சுரங்கப்பாதைக்குள் வண்டி நின்றுவிட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்கச் சாலையில் நுழையும்போது முகப்பு விளக்கைத் தாழ்வெளிச்சத்தில் எரியவிடுவதும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதும், வெளியேறும்வரை தடம் மாறாமலிருப்பதும் பலரும் அறிந்தவையே. வெயிலிலிருந்து வரும் கண் இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும் என்பதால், அந்நேரத்தில் தடம் மாறுபவருக்குப் பக்கத்து வண்டி தெரியாமலே போகலாம்.

பலர் அறியாதது, உள்ளே போக்குவரத்து நின்றால் செய்யவேண்டியது. அண்மையில் அப்படி நின்ற வரிசையில் நானும் இருந்தேன். பின்னால் வந்தவர் என் பம்பரை ஒட்டி நிறுத்தி, இன்ஜினையும் ஓடவிட்டிருந்தார். முன்வண்டிக்கு ஐந்து மீட்டராவது இடைவெளி விட்டு, அபாய விளக்குகளைப் போட்டு, நெடுநேரம் நிற்குமென்றால் இன்ஜினை அணைப்பதே முறை. ஓடும் இன்ஜின்களின் புகை உள்ளேயே தேங்கும். பின்னோக்கி எடுப்பதும் திருப்புவதும் கூடவே கூடாது.

புகை தெரிந்தாலோ, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பச்சை நிற அவசர வழிப் பலகையைப் பின்பற்றி உடனே நடக்கவேண்டும். 1999 மார்ச் 24 அன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கத்தில் லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்தபோது, பலர் தம் வண்டிக்குள்ளேயோ அதன் அருகிலேயோதான் கிடந்தனர். தகவல் சொல்லக் கைப்பேசியைவிடச் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசியே மேல். அழைத்த இடம் எதுவென்று கட்டுப்பாட்டு அறைக்கு அது காட்டிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்