குதிகால் மச்சம் பற்றி

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய மாம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. நான்கு பழம் மட்டும் அடிபட்டிருந்தது, மீதியைப் பேரப்பிள்ளைகள் இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, இன்னும் காலையில் ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் தானாகப் போகிறது.

சரி, இதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, வலது குதிகாலில் கறுப்பாக ஒன்று இருக்கிறது, இரண்டு வருடமாகப் பெரிதாகி வருகிறது, கால் ஆணி என்று நினைத்து பிளாஸ்திரி ஒட்டினேன், போகவில்லை, இப்போது லேசரில் சுட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீ அனுப்பிய போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, அது என்ன என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் சதைத்துண்டுகளை வெட்டி, மெழுகில் பதித்து, கண்ணாடித்தகட்டில் ஏற்றிக் கொடுத்தவன். அந்த உரிமையில் முதலில் ஒன்று சொல்கிறேன்: லேசரில் சுடாதே. சுட்டால் மேலே இருக்கும் கறுப்பு போய்விடும், அது என்னவாக இருந்தது என்று சோதிக்கத் துண்டே மிஞ்சாது, அடியில் ஏதாவது தங்கியிருந்தால் அது யார் கண்ணுக்கும் படாமல் வளரும்.

நம் ஊரில் தோல் புற்றுநோய் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதில் பாதி உண்மைதான். மச்சம் மாதிரி வருகிற மெலனோமா நம் நிறக்காரர்களுக்கு மொத்தத்தில் குறைவு. ஆனால் வந்தால், வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இந்த இடங்களில் வருவதுதான் நம்மிடம் அதிகம். பாப் மார்லி என்ற ஜமைக்கா பாடகர் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள், முதலில் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் நினைத்திருந்தார்கள். 1981-இல் இறந்தபோது வயது 36.

என் பெரிய அக்கா கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அவளுக்கு 58 வயதில் வந்தது. குதிகாலின் உள்பக்கம் கடுகளவு ஒரு மச்சம் சின்ன வயசிலிருந்தே இருந்ததாம், அம்மாகூட "காலில் மச்சம், இவள் ஊர் ஊராகப் போவாள்" என்று சொல்வாளாம். பித்தவெடிப்பும் மண்ணும் சேர்ந்து யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பேத்தி பாட்டி காலுக்கு மருதாணி வைத்தாள். மூன்று வாரத்தில் மருதாணி எல்லாம் போய்விட்டது. "பாட்டி, இது மட்டும் போகவே இல்ல" என்று அந்தக் குழந்தைதான் காட்டியது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 9 மில்லிமீட்டர். ஒரு பக்கம் வெளிறிய பழுப்பு, மறுபக்கம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, ஓரம் தண்ணீர் பட்ட காகிதத்தில் மை ஊறியதுபோல் அங்கங்கே நீண்டிருந்தது.

அடையாளம் என்று டாக்டர்கள் பார்ப்பதெல்லாம் அதிலேயே இருந்தது. நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் சீராக இல்லாதது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், பென்சில் முனையில் இருக்கும் ரப்பரைவிட, அதாவது 6 மில்லிமீட்டரைவிடப் பெரிதாவது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது மாறிக்கொண்டே இருப்பதுதான். நாற்பது வருடம் அப்படியே இருந்தது ஒரு வருடத்தில் மாறினால் அதற்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். நம் ஆட்கள் உள்ளங்காலில் மங்கலான புள்ளிகள் பல இருப்பது சகஜம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மந்தையில் சேராத ஆடு மாதிரி ஒன்று மட்டும் தனித்துத் தெரிகிறதா என்று பார். தானாக ரத்தம் கசிவது, ஆறாமல் புண்ணாவது இரண்டும் தாமதமாக வருகிற அடையாளங்கள், அதுவரை காத்திருக்கக் கூடாது. வலி இல்லையே என்று எழுதியிருந்தாய், அக்காவுக்கும் துளி வலி இல்லை.

தோல் டாக்டர் முதலில் மேல்தோலை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். முள் குத்தியோ செருப்பு அழுத்தியோ உள்ளே உறைந்த ரத்தமாக இருந்தால் அந்தக் காய்ந்த தோலோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். வரவில்லை. அப்புறம் டெர்மோஸ்கோப் என்று கையடக்கமான ஒரு கருவி, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொள், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். அதை வைத்துப் பார்த்தார். இந்த இடம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உள்ளங்கால் தோலில் கைரேகை மாதிரியே மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கின்றன. கைநாட்டு வைக்கும்போது மை ஒட்டுவது மேட்டில்தானே? சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவில் நிறம் மேட்டில் பட்டையாக ஏறி நிற்கும், அந்தப் பட்டையின் நடுவே வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். உள்ளங்காலில் இந்த நோயை அதிகம் பார்க்கும் ஜப்பான் டாக்டர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஒரு பக்கம் பள்ளத்திலும், கரிநிறமாக இருந்த பக்கம் மேட்டிலும் இருந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் கருவியில் பார்ப்பது சந்தேகத்தைத்தான் கூட்டும் அல்லது குறைக்கும். முடிவு சொல்வது பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, மச்சத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் நல்ல தோலும் சேர்த்து, அடியில் கொழுப்பு வரைக்கும் முழுசாக எடுத்தார்கள். அரைமணி நேர வேலை. மச்சம் ரொம்பப் பெரிதாக இருந்தால் தடித்த இடத்தில் கொஞ்சம் மட்டும் எடுப்பதுண்டு, ஆனால் எடுத்த இடத்தில் நோய் மேலோட்டமாகவும் விட்ட இடத்தில் ஆழமாகவும் இருந்துவிட வாய்ப்பு உண்டு. முழுசாக எடுக்க முடிந்தால் அதுதான் நல்லது.

அந்தத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் எங்கள் லேபுக்கே வந்தது. ஒரு முனையில் நூல் முடிச்சு, எந்தப் பக்கம் விரலை நோக்கி இருந்தது என்று தெரிய. சொந்த அக்கா என்பதால் நான் தொடவில்லை, பக்கத்தில் நின்றேன். ஓரமெல்லாம் மை தடவி, ரொட்டி அறுப்பதுபோல் குறுக்கே வில்லைகளாக நறுக்கி, மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றினார்கள். நோய் அந்த மையைத் தொட்டால் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஏழாம் நாள் ரிப்போர்ட். மெலனோமாதான். அதற்குக் கீழே ஒரு எண்: ஆழம் 0.6 மில்லிமீட்டர், புண் இல்லை.

அந்த எண்ணைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். 1970-இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன அளவு அது. தோலின் மேலடுக்கில் ரத்தக்குழாயும் கிடையாது, நிணநீர்க்குழாயும் கிடையாது. நோய் அந்த அடுக்குக்குள் பக்கவாட்டில் படர்கிற வரைக்கும் உடம்பில் வேறெங்கும் போக வழி இல்லை. மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில்கூட அப்படிப் படரும். பிறகு கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் குழாய்கள் இருக்கின்றன. அதனால் இந்த நோயில் எத்தனை அகலம் என்பதைவிட எத்தனை ஆழம் என்பதுதான் தலையெழுத்து. ஒரு மில்லிமீட்டருக்குள் புண்ணில்லாமல் பிடித்துவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் பத்து வருடம் கழித்தும் இந்த நோயால் சாவதில்லை. 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிலைமையே வேறு.

அக்காவுக்கு மறுபடி சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் எடுத்து, தொடையிலிருந்து தோல் வைத்து மூடினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், இல்லை. ஆழம் குறைவு என்பதால் அங்கிருக்கும் நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரம் குதிகாலை ஊன்றக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மருந்து, ஊசி எதுவும் இல்லை. ஐந்து வருடம் ஆகிறது, சோதனைக்கு மட்டும் போய்வருகிறாள்.

இன்னொருவர் துண்டையும் என்னால் மறக்க முடியவில்லை. கிராமத்து விவசாயி, அறுபது வயது. கால் ஆணி என்று ஒரு வருடம் மருந்து போட்டு, தானே பிளேடால் சீவிச் சீவி, கடைசியில் ஒருவரிடம் சுட்டுக்கொண்டாராம். சுட்ட இடத்திலேயே கட்டியாக எழும்பி வந்திருக்கிறார். பாட்டிலைத் திறந்தபோது வெட்டிய முகம் முழுக்கக் கறுப்பு, ஆழம் 5 மில்லிமீட்டருக்கு மேல், மேலே புண். இடுப்பு மடிப்பில் நெறிக்கட்டி ஏற்கனவே நெல்லிக்காய் அளவு. "கத்தி பட்டால் பரவும் என்றார்கள், அதனால்தான் பயந்தேன்" என்று அவர் மகனிடம் சொன்னாராம். பயாப்ஸி செய்வதால் இது பரவுவதில்லை, மாப்ள. அப்படிச் சொல்கிறவர்கள் பார்த்ததெல்லாம் பரவிய பிறகு கத்தி வைத்தவர்களை.

உன்னுடையது வெறும் மச்சமாகவோ உறைந்த ரத்தமாகவோ இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். உன் ஊரிலிருந்து மெடிக்கல் காலேஜ் ஒரு மணி நேரம்தானே, தோல் பிரிவில் வெளிநோயாளி சீட்டு போட்டுக்கொள். போவதற்கு முன் பிளாஸ்திரியை ஒரு வாரம் நிறுத்து, அது தோலை ஊறவைத்து நிறத்தைக் குழப்பும். பழைய போட்டோ எதிலாவது கால் தெரிந்தால் எடுத்துப் போ. எடுத்த துண்டை லேபுக்கு அனுப்புகிறார்களா என்று கேள், ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கு. தங்கச்சியிடம் நகங்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல், ஒரே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டு நகத்தோரத் தோலுக்கும் பரவியிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டு.

வருகிற திங்கள் போவாயா? நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுகிறேன், சேர்ந்தே போகலாம்.

உன்,
மச்சான்