பெரியப்பா போட்ட சிரிப்பு

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பாவோடு பேச்சை முறித்துக்கொள்ளும் முன் கொஞ்சம் பொறுக்கச் சொல் உன் தோழியிடம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தன் அப்பா தவறிய செய்திக்கு அடியில் பெரியப்பாவின் 😂 விழுந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர் அதை அழுகை என்று நினைத்தே போட்டிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்தால் வழக்கமாக வரும் ஆறையும் பார்: 👍 ❤️ 😂 😮 😢 🙏. மூன்றாவதில் இரண்டு கண்ணிலும் பெரிய நீலத் துளி. ஐந்தாவதில் ஒரே துளி. வயதானவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது தண்ணீர்தான். எதில் அதிகமோ அதுவே பெரிய துக்கம். வாய் மேலே வளைந்திருக்கிறதா, கீழேயா என்பது அந்தக் கடுகளவு படத்தில் எங்கே தெரிகிறது?

ஃபேஸ்புக்கில் இந்தச் சமாதானம் செல்லாது. அங்கே சிரிக்கும் முகத்தில் கண்ணீரே இல்லை. ஆனால் இதயத்தை அணைத்துக்கொண்டிருக்கும் Care முகத்துக்கு அடுத்தே Haha இருப்பதால் கட்டைவிரல் சற்று நகர்ந்தால் போதும். இன்னொன்றும் நடக்கும். இறந்தவரின் குறும்பைச் சொல்லித் தொடங்கும் நீண்ட பதிவில், மரணச் செய்தி See more-க்குக் கீழே மறைந்திருக்கும். மேலே நாலு வரியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பதிவு போட்டவருக்கோ இதெல்லாம் தெரியாது. பெயரும் சிரிப்பும் மட்டும்தான் தெரியும். அரசியல், கிரிக்கெட் சண்டைகளில் ஒரு வார்த்தை பேசாமல் சிரிப்பைப் போட்டு எதிராளியை மட்டம் தட்டுவது வாடிக்கையாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் பார்க்கும் கண்ணுக்கு, துக்கச் செய்தியில் விழுந்த சிரிப்பும் நக்கலாகத்தான் படும்.

அவள் குழுவில் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கட்டும். வேறு இழவுச் செய்திகளிலும் பெரியப்பா 😂 போட்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும். கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதியிருந்தாலும் அப்படியே. நக்கல் செய்பவர் அதை எழுத மெனக்கெடமாட்டார். இரண்டும் இல்லையென்றால், பழைய மனத்தாங்கல் ஏதும் உண்டா என்பது அவளுக்குத்தான் தெரியும். படத்தை வைத்து நாம் தீர்ப்பு சொல்ல முடியாது.

குழுவில் எல்லார் முன்னாலும் கேட்கவேண்டாம், மனிதர் கூசிப்போவார். போன் போட்டு, “பெரியப்பா, கை தவறிச் சிரிப்பு விழுந்திருக்கு. அந்தச் செய்தியை மறுபடி அழுத்திப் பிடிச்சு, அஞ்சாவதா ஒத்தைச் சொட்டு இருக்கிற முகத்தைத் தொடுங்க” என்றால் போதும். ஒரு செய்திக்கு ஒருவர் பேரில் ஒன்றுதான் நிற்கும். புதியது விழுந்ததும் பழையது போய்விடும். ஆனால் அதற்குள் அத்தை, சித்தப்பா எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதனால் ‘தவறுதலாக விழுந்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதவும் சொல்லட்டும். தட்டச்சு வராவிட்டால் குரல் பதிவு போதும்.

அன்புடன்,
அம்மா