செஸ்ட் நம்பர் வரிசையில் ஹீட் பிரிக்காதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளித் தடகளப் போட்டியை நடத்துகிற குழுவினருக்கு,

வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளை ஓட வைக்கிறவன் நான். போன போட்டியில் மாணவிகள் 200 மீட்டரில் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

மொத்தம் 18 பேர், ஆறு லேன், மூன்று ஹீட். பதிவு செய்ய வந்த வரிசையில் செஸ்ட் நம்பர் கொடுத்தீர்கள், அதே வரிசையில் ஆறு ஆறாக வெட்டி ஹீட் போட்டீர்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் இரண்டு பேர் இறுதிக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலையில் சீக்கிரம் வந்து சேர்ந்தவர்களில்தான் வேகமான மூன்று பேரும் இருந்தார்கள். முதல் ஹீட்டில் 28.1, 28.4, 28.6 விநாடி. மூன்றாவது ஹீட்டில் இரண்டாவதாக வந்த பிள்ளை 30.3. அவள் இறுதிக்குப் போனாள், 28.6 ஓடிய என் மாணவி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். இறுதியில் மூன்றாமிடம் வாங்கியவரின் நேரம் 29.4. "சார், என் டைமு அதைவிடக் கம்மிதானே, அப்புறம் ஏன் என் பேரைக் கூப்பிடலை?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

இதற்கு கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். குறுவட்டப் போட்டியில் எடுத்த நேரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 18 பேரையும் அந்த நேரப்படி 1 முதல் 18 வரை எழுதுங்கள், நேரம் இல்லாதவர்கள் கடைசியில், அவர்களுக்குள் வரிசை குலுக்கலில். பிறகு பாம்பு நெளிகிற மாதிரி மூன்று ஹீட்டுக்கும் பிரியுங்கள். முதல் மூவர் இடமிருந்து வலமாக, அடுத்த மூவர் வலமிருந்து இடமாக, அதற்கடுத்த மூவர் மறுபடி இடமிருந்து வலமாக. இப்படி வரும்:

ஹீட் அ: 1, 6, 7, 12, 13, 18
ஹீட் ஆ: 2, 5, 8, 11, 14, 17
ஹீட் இ: 3, 4, 9, 10, 15, 16

கூட்டிப் பாருங்கள், மூன்றிலும் 57. எந்த ஹீட்டும் இன்னொன்றை விடக் கனமில்லை, முதல் மூன்று பேர் இறுதிக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஹீட்டில் விழுந்துவிட்டால் பக்கத்துத் தரவரிசையோடு மட்டும் மாற்றுங்கள், 8-ஐ 7 அல்லது 9-ஓடு என்பது போல. 2-ஐத் தூக்கி 14-இன் இடத்தில் வைத்தால் பிரித்த வேலை முழுக்க வீண்.

குறுவட்ட நேரங்களை நம்ப முடியுமா என்று கேட்பீர்கள். முழுதாக முடியாதுதான். ஒவ்வொரு மைதானமும் ஒரு மாதிரி, ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற கையும் ஒரு மாதிரி, ஒருவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமுக்குவார், இன்னொருவர் சத்தம் கேட்டு அமுக்குவார், அதிலேயே சில பத்தில் ஒரு பங்கு விநாடி போய்விடும். அதனால் 4-ஆம் ஆள் 6-ஆக மாறலாம், பரவாயில்லை. 28 ஓடுகிறவரும் 31 ஓடுகிறவரும் இடம் மாறப்போவதில்லை. அதற்கும் காப்பு வேண்டுமென்றால் ஹீட்டுக்கு முதல் ஆளை மட்டும் நேராக எடுத்து, மீதி மூன்று இடத்தை எல்லா ஹீட்டிலும் சேர்த்து நேரப்படி நிரப்புங்கள். அப்படிச் செய்தால் மூன்று ஹீட்டுக்கும் அதே டைம் கீப்பர்கள் நிற்க வேண்டும், நடுவில் டீ குடிக்க ஆள் மாறக் கூடாது.

லேன் விஷயம். முதல் சுற்றில் குலுக்கல் போதும். இறுதியில் மட்டும் ஹீட்டில் ஓடியதைப் பார்த்து வேகமானவர்களுக்கு நடு லேன்களைக் கொடுங்கள், ஏனென்றால் 200-இல் முதல் லேனின் வளைவு ரொம்ப இறுக்கம், நம் மண் மைதானத்தில் 1500 ஓடியவர்கள் மிதித்துக் குழிந்த லேனும் அதுதான். (நீச்சலில் முதல் சுற்றிலிருந்தே நேரப்படிதான் லேன், எட்டு லேன் குளத்தில் வேகமானவருக்கு 4, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6 என்று வெளியே போகும்.)

இன்னொன்று, மாணவர்கள் 400. மழை வருகிறதென்று இறுதியை ரத்து செய்து, ஓடி முடித்த இரண்டு ஹீட்டின் நேரத்தை வைத்தே பரிசு கொடுத்தீர்கள். இறுதி கிடையாது என்றால் பிரிக்கிற முறையே தலைகீழ். வேகமான ஆறு பேரையும் ஒரே ஹீட்டில் போட்டு அதைக் கடைசியில் ஓட விட வேண்டும், மெதுவான ஹீட் முதலில். பிரித்துவிட்டால் முதலிரண்டு பேரும் ஆளுக்கொரு ஹீட்டில் முன்னால் தனியாக ஓடுவார்கள், பக்கத்தில் துரத்த ஆள் இருந்தால் வருகிற நேரம் வராது, காற்றும் ஈரமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் இறுதி உண்டா இல்லையா என்பதை ஹீட் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். வானம் கறுத்த பிறகு அல்ல.

அடுத்த முறை பதிவுப் படிவத்தில் "குறுவட்ட நேரம்" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள், ஹீட் பட்டியலை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பந்தலில் ஒட்டுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் காலை ஏழு மணிக்கே நான் வந்துவிடுகிறேன். 18 பேரைப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பயிற்சியாளர்