கறியில் எச்சம் இல்லை என்றால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோழிக்கறியிலும் வளர்ப்பு மீனிலும் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, ஆகவே மக்கள் அஞ்சத் தேவையில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எச்சம் குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் 'ஆகவே' என்று தொடங்கிய அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் நீண்ட காலம் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான்.

கறியில் மருந்து மிச்சமிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கோழியின் குடலில் இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. மருந்தை நிறுத்திச் சில நாட்கள் கழித்துக் கோழியை விற்றால் கறியில் எச்சம் வரம்புக்குக் கீழே போய்விடும். பாட்டில் லேபிளில் 'விற்பனைக்கு இத்தனை நாள் முன்பே நிறுத்தவும்' என்று அச்சடிப்பது அதற்காகத்தான். அந்தச் சில நாட்களில் குடலில் உள்ள பாக்டீரியாவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று எந்த லேபிளும் சொல்வதில்லை.

இதைப் புரிந்துகொள்ள கொலிஸ்டின் என்ற மருந்தின் கதை போதும். 1940களின் இறுதியில் ஜப்பானில் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மனிதர்களுக்குக் கொடுப்பது 1970களுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுபோனது. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மற்ற மருந்துகளுக்கு அடங்காமல் போனபோது, வேறு வழியில்லாமல் டாக்டர்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். இன்று வென்டிலேட்டரில் இருக்கும் பல நோயாளிகளுக்கு மிச்சமிருக்கும் கடைசி மருந்துகளில் அதுவும் ஒன்று. மனிதர்களுக்கு அது ஓரம்கட்டப்பட்டிருந்த காலத்திலும் கோழித் தீவனத்திலும் தண்ணீரிலும் தொடர்ந்து கலக்கப்பட்டு வந்தது. நோய் வந்தால் மட்டுமல்ல, குஞ்சு சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்பதற்காகவும் சிறிய அளவில் கலந்தார்கள்.

வாய் வழியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறக்குறைய ஏறுவதே இல்லை. ஆகவே கறியைச் சோதித்தால் பெரிதாக எதுவும் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிக் கழிவோடு வெளியேறுகிறது. கறியில் எச்சத்தை மட்டும் தேடுகிற சோதனைக்கு, மருந்து உண்மையில் இருக்கும் இடமே கண்ணில் படாது.

பண்ணையில் மருந்து கொடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். காலையில் தண்ணீர்க் குழாயை நிறுத்தி, கோழிகளுக்குத் தாகம் எடுக்கவிட்டு, பிறகு மருந்து கலந்த டேங்கைத் திறந்துவிடுவோம். வலுவான கோழி முந்திக்கொண்டு வேண்டிய அளவுக்கு மேலேயே குடிக்கும். நோயில் சுருண்டு கிடக்கிற கோழி தண்ணீர் சொட்டும் நிப்பிள் பக்கமே வராது. அதன் குடலுக்குப் போய்ச் சேருவது அரைகுறை டோஸ்தான். பலவீனமான பாக்டீரியா செத்து, கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது பெருகுவதற்கு இதைவிட வசதியான நிலை கிடையாது. வெளியேறிய மருந்து கீழே தென்னை நார்க்கழிவுப் படுக்கையில் கலந்து கிடக்கிறது. கோழி அதையே கொத்துகிறது. மருந்தை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும் அதே எதிர்ப்பு பாக்டீரியா ஷெட் முழுக்கப் பரவுகிறது.

2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட கண்டுபிடிப்பு உலகையே உலுக்கியது. கொலிஸ்டினுக்கு நேர் மின்னேற்றம் உண்டு. பாக்டீரியாவின் வெளியுறைக்கு எதிர் மின்னேற்றம். அதனால்தான் மருந்து போய் ஒட்டி உறையைக் கிழிக்கிறது. எம்சிஆர்-1 என்ற மரபணு அந்த உறையின் மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவதால் மருந்து ஒட்டுவதில்லை. இது பாக்டீரியாவின் குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. அந்த வளையத்தின் பிரதியை ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள வேறு இனத்துக்குக் கூடக் கொடுத்துவிடும். கோழிக் குடலில் தீங்கின்றி வாழும் ஒரு ஈ.கோலை பாக்டீரியா, ஆஸ்பத்திரியில் ஆளைக் கொல்லும் கிளெப்சியெல்லாவுக்கு அதைக் கைமாற்ற முடியும். அந்த ஆய்வில் சோதித்த பன்றிகளில் சுமார் 21 சதவீதத்திலும், பச்சைக் கறி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், நோயாளிகளில் ஒரு சதவீதத்திலும் அந்த மரபணு இருந்தது. பண்ணையிலிருந்து மனிதனை நோக்கி அது நகர்ந்துகொண்டிருந்தது என்றுதான் இந்த எண்களை நான் படிக்கிறேன்.

வீட்டுக்கு எப்படி வருகிறது? நன்றாக வேகவைத்த கறியில் பாக்டீரியா பிழைக்காது, அதில் சந்தேகம் வேண்டாம். வேகுமுன் நடப்பதுதான் சிக்கல். வெட்டுக்கடையில் ஒரே வெந்நீர் அண்டாவில் எல்லாக் கோழிகளும் முக்கி எடுக்கப்படுகின்றன. இறகு பறிக்கும் டிரம்மும் ஒன்றே. குடல் கிழிந்தால் அதே கத்தி, அதே கட்டை. வீட்டில் சிங்க்கில் கறியைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காய் மேல் விழுகிறது. கறியைக் கழுவாமல் அப்படியே சட்டியில் போடுவதும், காய் நறுக்க வேறு பலகை வைத்துக்கொள்வதும் நல்லது. பண்ணைத் தொழிலாளியும் வெட்டுக்கடைக்காரரும் இன்னும் நேரடியாக, கைகளிலேயே அதைச் சுமக்கிறார்கள்.

மீனுக்குப் போகும் பாதையைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் பேசுவதில்லை. ஒரு பேட்ச் கறிக்கோழி முடிந்ததும் ஷெட்டிலிருந்து அள்ளும் எரு வயலுக்கும் போகிறது, மீன் குளத்துக்கும் போகிறது. கட்லா, ரோகு வளர்க்கும் குளத்தில் நுண்பாசி பெருக வேண்டும் என்று கோழி எருவைப் போடுவது பழைய பழக்கம். மருந்து எச்சமும் எதிர்ப்பு பாக்டீரியாவும் ஒரே மூட்டையில் தண்ணீருக்குள் போகின்றன. அங்கே ஏரோமோனாஸ் போன்ற நீர்வாழ் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பிளாஸ்மிட் கைமாறத் தண்ணீரைப் போல் வசதியான இடம் இல்லை. மீனுக்கு நோய் வந்தால் ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தீவனத்தில் கலக்கிறார்கள். நோயுள்ள மீன் முதலில் செய்வது தீவனம் எடுக்காமல் இருப்பதுதான். ஆகவே மருந்தின் கணிசமான பங்கு கரைந்தோ அடிச்சேற்றில் படிந்தோ போய்விடுகிறது. ஏற்றுமதி இறாலில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் மருந்துகளின் எச்சம் இருந்தால் ஐரோப்பா திருப்பி அனுப்பும் என்ற பயத்தில் நுணுக்கமாகச் சோதிக்கிறோம். நம் ஊர்ச் சந்தைக்கு வரும் குளத்து மீனுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

தடை போட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சீனாவே பதில். கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் சேர்ப்பதை 2017இல் நிறுத்தினார்கள். 2015-16இல் கோழிகளில் 18 சதவீதமாக இருந்த கொலிஸ்டின் எதிர்ப்பு ஈ.கோலை 2017-18இல் 5 சதவீதமாகக் குறைந்தது. பன்றிகளில் 34இலிருந்து 5. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதமானாலும் சரியான முடிவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவில் பெரும்பாலும் காணப்படுவது அதன் சொந்தக் குரோமோசோமில் ஏற்பட்ட மாற்றம்தான். எம்சிஆர் மரபணு குறைவாகவே கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்தைக் கையாளும் விதத்துக்கே அதில் பெரும் பங்கு. எல்லாப் பழியையும் கோழி மேல் போடக்கூடாது. ஆனால் குரோமோசோம் மாற்றம் பெரும்பாலும் அந்தப் பாக்டீரியாவின் வாரிசுக்கே போகும். பிளாஸ்மிட் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகும். அது இங்கே அரிதாக இருக்கும்போதே தடுத்தால்தான் உண்டு.

கொலிஸ்டின் போனாலும் என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. கோழியின் உடலில் அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்ஸசினாக மாறுகிறது; அதாவது நாம் சிறுநீர்த் தொற்றுக்கு விழுங்கும் அதே மாத்திரை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் மனிதர்களுக்கு வருகிறது என்று அமெரிக்கா 2005இலேயே கோழிக்கு என்ரோஃப்ளாக்ஸசினை நிறுத்திவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 கோழி உள்ள ஒரு ஷெட், ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடை. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 50 கிராம் மருந்து, ஐந்து நாளைக்கு கால் கிலோ. இந்த வகை மருந்து எருவிலும் மண்ணிலும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நெடுநாள் இருக்கும். எருவைச் சரியான ஈரத்தில் குவித்து மூடி, உள்ளே 55 முதல் 60 டிகிரி வரை சூடேறவிட்டு, கிளறித் திரும்பக் குவித்தால் ஈ.கோலை பெருமளவு செத்துவிடும். மருந்து முழுதாக அழியும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பச்சை எருவை நேரே குளத்தில் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

அரசு ஆய்வுகளில் கறியோடு குடல் கழிவையும் எருவையும் குளத்துச் சேற்றையும் மாதிரியாக எடுக்க வேண்டும். கொலிஸ்டினுக்கு வழக்கமான காகித வில்லைச் சோதனை உதவாது. வில்லையில் உள்ள அதன் பெரிய மூலக்கூறு, பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவாததால் அடங்காத பாக்டீரியாவும் அடங்கியதாகத் தெரியும். திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கும் முறையே நம்பகமானது. டாக்டர் சீட்டு இல்லாமல் தீவனக் கடையில் என்ரோஃப்ளாக்ஸசின் விற்பதும் நிற்க வேண்டும். விவசாயியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒப்பந்தப் பண்ணையில் எந்த மருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் கம்பெனி சூப்பர்வைசர்தான் முடிவு செய்கிறார்.

அடுத்த முறை இப்படியொரு ஆய்வு முடிவு உங்கள் கைக்கு வரும்போது, அந்த மாதிரிகளிலிருந்து ஈ.கோலையை வளர்த்துப் பார்த்தார்களா, அது எந்தெந்த மருந்துக்கு அடங்கியது என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல் மாவட்டம்.